அக்காவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி இத படிச்சிடு

அடியே, எப்படி இருக்க, அம்மாவுக்கு வியாழக்கிழமை கண் ஆபரேஷன்னு எழுதியிருந்தியே, நாள் முடிவானதே நிம்மதி, எத்தன மாசமா தள்ளிப் போட்டுட்டே வந்தாங்க. இங்க என்ன இப்ப வேற வார்டுக்கு மாத்திட்டாங்க, வேல ஜாஸ்தி, ஆனா கூட இருக்கறவங்க எல்லாம் நல்ல மாதிரி, அதனால ஓடுது.

நைட் டியூட்டிய மாத்திக்கக் கேட்டு, உன்கூட வேல பாக்கற அக்காவுக்கு அனுப்பலாம்னு நீ டைப் பண்ணி எனக்கு அனுப்பினத பாத்தேன். "அக்கா வியாழன் நைட் எனக்கு பதிலா போறீங்களா ப்ளீஸ் அவசரம் வேற யாரும் இல்ல". இப்படியே அனுப்பாத. நீ பதட்டத்துல இருக்கன்னு எனக்குத் தெரியும், ஆனா படிக்கிற அக்காவுக்கு இதுல ஒண்ணுமே தெரியல. வியாழன் நைட்னா வியாழன் ராத்திரி ஏறுறதா, இல்ல வியாழன் காலைல இறங்குறதா? நம்ம வேலைல இந்த ஒரு குழப்பத்தாலயே ரெண்டு பேர் வந்து நிக்கறதும் ஒருத்தரும் வராம போறதும் நடக்குது. அப்புறம் "வேற யாரும் இல்ல"ன்னு போட்டா அவங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வழியே இல்லாம போயிடுது, மனசுல கஷ்டத்தோட சரின்னு சொல்லுவாங்க, இல்லன்னா பாத்தும் பதில் போடாம இருப்பாங்க.

முதல்ல டியூட்டி லிஸ்ட்ட எடுத்து அவங்க வரிசைய பாரு. நீ அனுப்பின போட்டோல அக்காவுக்கு வியாழன் ஆஃப், வெள்ளி ஈவினிங், ஞாயிறு மார்னிங். வியாழன் நைட் ஏறினா வெள்ளி காலைல 8 மணிக்குதான் இறங்குவாங்க, மறுபடி மதியம் 2 மணிக்கு ஈவினிங் வரணும்னா நடுவுல வெறும் 6 மணி நேரம், வீட்டுக்குப் போய் வர்ற நேரத்த கழிச்சா தூக்கமே இல்ல. அதனால நைட்ட மட்டும் கேக்கக் கூடாது, அந்த வெள்ளி ஈவினிங்க நீ எடுத்துக்கணும். வெள்ளி மதியத்துக்குள்ள தம்பி வந்துடுவான்னு சொன்னியே, அப்போ உன்னால முடியும். ஆனா கணக்கு அதோட முடியல, நைட் 12 மணி நேரம், ஈவினிங் 6 மணி நேரம்தான், அவங்க ஆஃபும் போகுது. ஞாயிறு உனக்கு ஆஃப்தான, அவங்க மார்னிங்கயும் நீயே பாத்தா மணி நேரமும் சரியாகும், அவங்களுக்கு போன ஆஃபும் திரும்பக் கிடைக்கும். "அப்புறம் எப்பவாவது நான் பாத்துக்கறேன்"னு சொல்றத விட இப்படி நாள் சொல்லிக் கேட்டா சரின்னு சொல்றது அவங்களுக்கு ரொம்ப சுலபம்.

நான் எழுதிப் பாத்தேன், உன் பேச்சுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ:

"அக்கா, ஒரு உதவி கேக்கணும். இந்த வியாழக்கிழமை, 14ஆம் தேதி ராத்திரி 8 மணிக்கு ஏறி வெள்ளி காலைல 8 மணிக்கு இறங்குற என் நைட் டியூட்டிய நீங்க பாக்க முடியுமா? அன்னைக்கு சாயங்காலம் அம்மாவுக்கு கண் ஆபரேஷன், ராத்திரி நான் கூட இருக்கணும். அதுக்குப் பதிலா உங்க வெள்ளி ஈவினிங்கும் ஞாயிறு மார்னிங்கும் நான் பாத்துடறேன். வியாழன் உங்களுக்கு ஆஃப்னு தெரியும், ஏதாவது வேல வெச்சிருந்தீங்கன்னா தயங்காம சொல்லுங்க, நான் வேற ஆள்கிட்ட கேட்டுக்கறேன். செவ்வாய் சாயங்காலத்துக்குள்ள சொன்னா போதும். நீங்க சரின்னா இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட நானே பேசி லிஸ்ட்ல மாத்திடறேன்."

கொஞ்சம் நீளம்தான், ஆனா அவங்க திருப்பி ஒரு கேள்வியும் கேக்க வேண்டியதில்ல பாத்தியா. காரணத்த ஒரு வரியோட நிறுத்திட்டேன், அம்மாவோட ரிப்போர்ட் எல்லாம் எழுதினா கெஞ்சற மாதிரி ஆயிடும், அக்காவுக்கும் சங்கடம். செவ்வாய்னு போட்டது அவங்க முடியாதுன்னா புதன் ஒரு நாள் உன் கைல இருக்கும்னுதான். அதுவரைக்கும் பதில் வரலன்னா ஒரு தடவ போன் பண்ணிக் கேளு, கேள்விக்குறியா அனுப்பிட்டு இருக்காத. குரூப்ல மட்டும் போடாத, எல்லாரும் பாப்பாங்க, அடுத்தவங்க போவாங்கன்னு ஒவ்வொருத்தரும் இருந்துடுவாங்க, அக்காவும் எல்லார் முன்னாடியும் மாட்டிக்கிட்ட மாதிரி நெனப்பாங்க.

அவங்க சரின்னு சொன்ன உடனே வேல முடிஞ்சுதுன்னு விட்டுடாத. லிஸ்ட்ல பேரு மாறி இன்சார்ஜ் சிஸ்டர் கையெழுத்து போடற வரைக்கும் அது உன் டியூட்டிதான், அன்னைக்கு அக்காவுக்கு ஜுரம் வந்தாகூட ஆள் வரலன்னு உன்னதான் கூப்பிடுவாங்க. மூணு டியூட்டியும் மாறுது, மூணையும் லிஸ்ட்ல திருத்தச் சொல்லு, நைட்ட மட்டும் மாத்திட்டு ஞாயிறு மார்னிங்க விட்டுட்டா அன்னைக்கு அக்காவுக்கு ஆப்சென்ட் விழும்.

இன்னைக்கே அனுப்பிடு, மதியத்துல அனுப்பு, அக்கா அப்ப வீட்டுலதான் இருப்பாங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுது, சனிக்கிழமை அம்மாகிட்ட பேச போன் பண்றேன்.