மரம் மாவான கதை: போர்டு எழுதிய ஆர்ட்டிஸ்ட் அண்ணனுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு மாதிரிப் படங்களில் நான் சரி என்றது முதலாவதை. போர்டில் ஏறியிருப்பதோ இரண்டாவது. 'மரச்சாமான்' என்பது எதிர்ச்சாரியிலிருந்து 'மாச்சாமான்' ஆகிவிட்டது. உள்ளே வருகிறவர்கள் அரிசி மாவு இருக்கிறதா என்கிறார்கள். தயவுசெய்து அழித்து மறுபடி எழுதித் தாருங்கள்.

இரண்டு படங்களும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தவை. அதனால் இரண்டுமே அழகாகத்தான் தெரிந்தன. செல்லில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். முதல் படத்தில் ர-வின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. இரண்டாவதில் அதைக் கோட்டோடு கோடாக நறுக்கியிருக்கிறீர்கள். வால் போனால் ர வெறும் கால்தான். ச்-இன் புள்ளியும் மேல் பார்டரோடு ஒட்டிக்கொண்டது.

காரணம், எழுத்தை 22 அங்குலத்துக்கு இழுத்தது. போர்டின் உயரம் 36. மேலும் கீழும் பார்டருக்கு இரண்டிரண்டு, கீழ்வரிக்கு 6 போனால், புள்ளிக்கும் வாலுக்கும் ஆளுக்கு 2 அங்குலம்தான் மிச்சம். எழுத்தை 18-ஆகக் குறைத்தால் மேலே 4, கீழே 4 கிடைக்கும். அங்குலத்துக்குப் பத்தடி என்ற உங்கள் தொழில் கணக்குப்படி 18 அங்குல எழுத்து 180 அடிக்குத் தெரியும். தெருவின் அகலம் அதில் பாதிகூட இல்லை. தமிழுக்கு மேலும் கீழும் கோடு போட இரண்டு நூல் அடித்தால் போதாது, புள்ளிக்கும் வாலுக்கும் சேர்த்து நாலு நூல் வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் உங்கள் பெயரில் உள்ள ர-வுக்கு மட்டும் வால் ஒழுங்காகத்தான் இருக்கிறது!

"வாலை மட்டும் இழுத்து விடுகிறேன்" என்றீர்கள். இழுத்தால் அது கீழ்வரி எழுத்தின் தலையில் போய் இடிக்கும். மேல்வரி முழுவதையும் மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும். பழைய சிவப்பு எழுத்தின் விளிம்பு மேடு போகும்வரை தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடுங்கள். மேட்டை விட்டால் புது பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்து வெயிலில் தடம் காட்டும். பளபளப்பான எனாமல் மேல் தேய்க்காமல் அடித்தாலும் உரிந்து வந்துவிடும். சிவப்பின் மேல் நேரே பின்னணி மஞ்சள் மூடாது, இடையில் வெள்ளை ஒரு கோட் வேண்டும். ஒவ்வொரு கோட்டும் ஓர் இரவு காயட்டும். அவசரம் இல்லை, மாவு கேட்பவர்களுக்கு இன்னும் சில நாள் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த முறை சாக்பீஸில் வரைந்ததும் டப்பாவைத் திறக்காமல் என்னைக் கூப்பிடுங்கள். எதிர்ச்சாரியில் நின்று ஒரு படம் எடுத்து, முதல் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ர ர-வாகத் தெரிந்தால் பிரஷைத் தொடலாம். கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏணியும் சாரமும் என் செலவு.

இப்படிக்கு,
மரச்சாமான் கடைக்காரர்