முப்பத்தைந்தை ஐந்தும் முப்பதும் ஆக்கித் தந்தவருக்கு

ஜெர்மனியின் சாக்சனியில் தமிழ் நர்சுகளான நாங்கள் வேலை பார்க்கும் வார்டில், காதில் விழுந்த ஜெர்மன் எண்களைப் புரட்டி எழுதித் தடுமாறிய அந்த மூன்று வாரங்களில் என்ன ஆயிற்று என்பது இதைப் படிக்கும் பெரும்பாலானோருக்குத் தெரியும். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. அந்த நிம்மதியின் ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி இரவு ஷிஃப்ட் சிஸ்டருக்கு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் செய்தது, ஷிஃப்ட் மாறும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து எங்களுக்குப் பத்து எண்களை வாசித்துக் காட்டியது. அவ்வளவுதான். அதன் அருமை, ஜெர்மன் எண்கள் தமிழ்க் காதில் எப்படி விழுகின்றன என்று தெரிந்தவர்களுக்குத்தான் புரியும்.

நாம் முப்பத்தைந்து என்கிறோம்: முதலில் முப்பது, பிறகு ஐந்து. ஜெர்மனில் ‘ஃப்யுன்ஃப்-உண்ட்-டிரைசிஷ்’: ஐந்தும் முப்பதும். ரத்த அழுத்தம் 135/85 என்றால் காதில் விழும் வரிசை நூறு, ஐந்து, முப்பது. பிறகு ஐந்து, எண்பது. கேட்கக் கேட்கவே எழுதப் பழகிய கை 153/58 என்று எழுதிவிடும். ஜெர்மன் மொழியில் பி2 தேர்வு தேறியவர்களின் கையும் இதைச் செய்யும், ஏனென்றால் இது சொல் தெரியாததால் வரும் தவறு அல்ல. சொல் முடியும் முன்பே கை ஓடிவிடுவதால் வருவது.

இந்தத் தவறு எளிதில் கண்ணில் படாது. 120/80, 130/70 போன்றவற்றில் ஒன்றாம் இடம் பூஜ்யம், புரட்டிப் போட எதுவும் இல்லை. 44, 55 புரண்டாலும் அதே எண்தான். அதனால் முதல் வாரங்களில் எழுதுவதெல்லாம் சரியாகவே வரும், எண்கள் பழகிவிட்டன என்றே தோன்றும். பிறகு ஒருநாள் 64 கிலோ நோயாளி தாளில் 46 கிலோ ஆகிவிடுவார். இரண்டுமே ஒரு மனிதருக்கு இருக்கக்கூடிய எடை. எடையை வைத்துக் கணக்கிடும் மருந்தாக இருந்தால் அளவே மாறிப்போகும்.

எழுதும்போது நடுவில் இடம் விட்டு, முதலில் ஒன்றாம் இலக்கத்தை வலப்பக்கம் போட்டுவிட்டுப் பிறகு பத்தாம் இலக்கத்தை இடப்பக்கம் நிரப்பலாம் என்று பலர் சொல்லித் தருவார்கள். தாளில் சரி. கணினியில் அது நடக்காது, இலக்கங்களை வரிசையாகத்தான் தட்ட வேண்டும்.

சிஸ்டர் தந்த வழி வேறு. பேனாவைக் கீழே வைக்கச் சொன்னார். எண் முழுவதும் முடியும் வரை கை அசையக் கூடாது. முடிந்ததும் அதை ஜெர்மனிலேயே வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் தலையசைத்த பிறகே எழுதலாம். முதல் வாரம் இரண்டு இலக்கம் மட்டும். இரண்டாம் வாரம் ரத்த அழுத்தம், இரண்டு எண்களையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வாரம் அதையே தள்ளுவண்டிச் சத்தத்துக்கு நடுவில், அவருடைய வழக்கமான வேகத்தில். பத்தில் ஒன்பது போதாது, பத்தும் சரியாக வந்தால்தான் அடுத்த கட்டம்.

சந்தேகம் வந்தால் எப்படிக் கேட்பது என்பதையும் அவர்தான் பழக்கினார். “என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டால் எதிராளி அதே வேகத்தில் அதே எண்ணைத்தான் மறுபடி சொல்வார். “மூன்று ஐந்தா, ஐந்து மூன்றா?” என்று இலக்கம் இலக்கமாகக் கேட்டால் பதில் தெளிவாக வரும். தொலைபேசியில் இரண்டு என்னும் ‘ட்ஸ்வை’யும் மூன்று என்னும் ‘டிரை’யும் ஒன்றுபோலக் கேட்பதால் ஜெர்மானியர்களே இரண்டை ‘ட்ஸ்வோ’ என்று மாற்றிச் சொல்வதுண்டு. தாய்மொழிக்காரர்களே இப்படிக் கவனமாக இருக்கும்போது, நாம் திரும்பக் கேட்பதற்கு எதற்காகக் கூச வேண்டும்? ஊரில் பல வருடம் வார்டை நடத்தி வந்தவர்களுக்கு, இருபத்தைந்து வயதுக்காரர் முன்னால் “இன்னொரு முறை” என்று கேட்க நா எழுவதில்லை. தலையாட்டிவிடத் தோன்றும். ஆபத்து அந்தத் தலையாட்டலில்தான் இருக்கிறது.

நாங்கள் தடுமாறியபோது அவர் ஒருநாளும் ஆங்கிலத்துக்கு மாறவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. எண்ணை மட்டும் திருத்திச் சொல்வார். ஒரு இரவு, தமிழ் எண்களைத் தனக்குச் சொல்லச் சொல்லி அவரே பேனாவைப் பிடித்துக்கொண்டார். முப்பது, நாற்பதெல்லாம் பிடிபட்டன. தொண்ணூற்றைந்தில் மாட்டிக்கொண்டார். ‘நூறு’ என்று கேட்டவுடன் நூற்றைந்து என்று எழுதினார். தொள்ளாயிரத்தில் ஆயிரம் போட்டார். தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் ஒளிந்திருப்பதை நாம் ஒருநாளும் கவனித்ததில்லை, நம் காது அந்த முன்னொட்டோடு சேர்த்தே கேட்டுப் பழகிவிட்டது. எழுதியதை அடித்துவிட்டு, “இன்னொரு முறை, மெதுவாக” என்று எங்களிடம் கேட்டார். திரும்பக் கேட்பது எப்படி என்பதை அதற்குமேல் யாராலும் சொல்லித்தர முடியாது.

(எண்களின் இந்த வரிசை மாற்றவே முடியாதது என்று நினைக்க வேண்டாம். நார்வேயிலும் ஒரு காலத்தில் ‘ஒன்றும் இருபதும்’ என்றுதான் சொன்னார்கள். தொலைபேசி எண்களில் குழப்பம் வருகிறதென்று 1951இல் அரசே ‘இருபத்தொன்று’ என்று மாற்றியது. முதியவர்கள் சிலரிடம் பழைய வழக்கை இன்றும் கேட்கலாம்.)

காலை ஷிஃப்டில் உள்ளவர்களுக்குக் கடிகாரத்துக்காக நன்றி. ‘ஹால்ப் அக்ட்’, அதாவது ‘அரை எட்டு’, என்றால் எட்டரை அல்ல, ஏழரை. இது எல்லா வகுப்பிலும் சொல்லித்தருவது. இந்தப் பக்கத்தில் ‘ஃபீர்ட்டல் அக்ட்’ என்பார்கள்: கால் எட்டு. அது ஏழே கால். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஓடுவது எட்டாவது மணி, அதில் கால் பங்கு முடிந்திருக்கிறது என்பது கணக்கு. முக்கால் எட்டு என்றால் ஏழே முக்கால். நேரம் சொன்ன ஒவ்வொரு முறையும் 7:15 என்று விரலால் மேசையில் எழுதிக் காட்டியவர்களே, அந்த விரல்களுக்கு நன்றி.

மாலை வகுப்பு ஆசிரியை, மருந்துக்கடைப் பெண்மணி, மாடிவீட்டுப் பாட்டி, எங்கள் விடுப்பு நாட்களின் வேலையைத் தாங்களே ஏற்றுக்கொண்ட சக ஊழியர்கள், ஊரிலிருந்து தினமும் அழைத்துப் பேசிய வீட்டார், எல்லோருக்கும் சேர்த்து நன்றி.

அடுத்த மாதம் புதிதாக வருகிறவர்களுக்கு எண் வாசிப்பது எங்கள் முறை. ஷிஃப்ட் மாறும் முன் பத்து நிமிடம், பத்து எண்கள், பூஜ்யத்தில் முடிவது ஒன்றுகூட இல்லாமல். பட்டியல் எழுதியாகிவிட்டது. மருந்து அறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது.

சிஸ்டர், அதே தாளின் பின்பக்கம் உங்களுக்கு. தொண்ணூற்றொன்பதிலிருந்து தொடங்குகிறோம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.