எஃப்-2 என்று இரண்டு வீடுகள்: மீட்டரும் சாவியும் மாறிக் கிடப்பது பற்றிய புகார்

நிர்வாக மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். லாஸ்பேட்டையில் நீங்கள் கட்டி, இன்றும் பராமரித்து வரும் குடியிருப்பில் முதல் மாடி எஃப்-2 வீடு என்னுடையது. ஏழு மாதமாக அடுத்தவர் வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் இரண்டே பேர், ஏசி கூட கிடையாது. கட்டிய பணத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை, சொத்தே கரைந்த மாதிரி இருக்கிறது.

நாலு முறை உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முன் மேசையில் இருப்பவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஃபேனை நிறுத்திப் பாருங்க சார், பில்லு தானா குறையும்" என்றார். என் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. அந்த வார்த்தையை நான் மறக்க மாட்டேன்.

சரி என்று நானே பார்த்தேன். வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மீட்டர் அறைக்குப் போனேன். கரண்ட் ஓடினால்தான் மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக்கும். எஃப்-2 என்று எழுதிய என் மீட்டர் மினுக்கிக்கொண்டே இருந்தது. மேல் வரிசையில் இன்னொரு எஃப்-2! அதுதான் நின்றிருந்தது. நாலாவது மாடிக்காரரை மெயினை இறக்கச் சொன்னேன், என் மீட்டர் நின்றது.

உங்களுக்குத் தெரியாததா? ஃபர்ஸ்ட் மாடிக்கும் எஃப், ஃபோர்த் மாடிக்கும் எஃப். வயர் இழுத்தவர் எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்? செகண்ட் மாடிக்கு எஸ் போட்டிருக்கிறீர்கள், கீழே ஸ்டில்ட் பார்க்கிங் பலகையிலும் எஸ்தான்.

அதைவிடக் கொடுமை, போன மாதம் கதவு பூட்டிக்கொண்டு, மழையில் ஆட்டோ பிடித்து வந்து உங்களிடமிருந்த மாற்றுச் சாவியை வாங்கிப் போனேன். என் கதவு திறக்கவில்லை. அது நாலாவது மாடிச் சாவி. முன்பின் தெரியாத குடும்பத்தின் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள்!

தயவுசெய்து எழுத்தை விட்டுவிட்டு 102, 402 என்று மாடி எண்ணில் தொடங்கும் எண் கொடுங்கள். கதவிலும் சாவி வளையத்திலும் அதே எண்தான் இருக்க வேண்டும். மீட்டர் அறையில் கழற்றக்கூடிய மூடியில் ஒட்டாதீர்கள், பெயின்ட் அடிக்கும்போது மூடி மாறிவிடும். மீட்டருக்குக் கீழே பலகையிலேயே எழுதுங்கள். பத்திரத்தில் பழைய எண்தான் இருக்கும் என்பதால், ஒரு பதிவேட்டில் புதிய எண், பழைய எண், மீட்டரில் அச்சிட்ட வரிசை எண், மின் இணைப்பு எண் நான்கையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். ஆனால் எழுதும் முன் ஒவ்வொரு வீட்டிலும் மெயினை இறக்கிச் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் தப்பையே அழகாக எழுதி வைத்ததாகிவிடும்.

மீட்டர் சீலைத் தொடாமல், மின்துறைக்குச் சொல்லிவிட்டு, உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து இரண்டு வீட்டு வயரையும் மாற்றிக் கொடுங்கள். கூடுதலாகக் கட்டியதும் திரும்ப வேண்டும். நாலாவது மாடிக்காரர் நல்ல மனிதர், அவரோடு எனக்குச் சண்டை வேண்டாம், கணக்கை நீங்களே முடியுங்கள்.

15 நாள் பார்ப்பேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில்தான் சந்திப்போம். ஏழு மாத பில் நகல்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
முதல் மாடி எஃப்-2 உரிமையாளர்