“அரிச்சுவடிகூடத் தெரியவில்லை”: ரிவ்யூ எழுதித் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஆய்விதழுக்குக் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்து தரும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். அடையாறில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, நீங்கள் அனுப்பும் ரிவ்யூக்களைப் படித்து, கட்டுரை ஆசிரியர்களுக்கு அனுப்பி வைக்கும் துணை எடிட்டர் நான். விடைத்தாள் திருத்துகிற வேலைக்கு நடுவே, பத்து பைசா வாங்காமல் இதைச் செய்து தருகிறீர்கள். அதனாலேயே இதைச் சொல்ல இத்தனை நாள் தயங்கினேன்.

அண்மையில் வந்த ஒரு ரிவ்யூவைச் சொல்கிறேன். யாருடையது என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருவான்மியூரிலிருந்து நீலாங்கரை வரை 24 வீட்டுக் கிணறுகளில், மே மாதம் ஒரு தடவை, ஜனவரியில் ஒரு தடவை தண்ணீர் எடுத்து உப்பை அளந்த கட்டுரை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் உப்பு குறையவில்லை, கடல்நீர் உள்ளே வந்துவிட்டது என்பது அதன் முடிவு. ரிவ்யூ இவ்வளவுதான்: “புள்ளியியலில் அரிச்சுவடிகூடத் தெரியவில்லை. கடல்நீர் என்பதெல்லாம் கற்பனை. இங்கிலீஷ் சகிக்கவில்லை. நிராகரிக்கவும்.”

போன் போட்டுக் கேட்டேன். “மூணாவது அட்டவணையைப் பாருங்கம்மா. ஒரே கிணத்தை ரெண்டு தடவை அளந்துட்டு, ரெண்டு தனித்தனிக் கூட்டம் மாதிரி டி-டெஸ்ட் போட்டிருக்காங்க” என்றார். ஐயா, அதையல்லவா எழுதியிருக்க வேண்டும்!

கடற்கரையை ஒட்டிய கிணற்றுக்கும் ஈ.சி.ஆருக்கு மேற்கே இருக்கும் கிணற்றுக்கும் உப்பில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு கூட்டமாக ஒப்பிட்டால், மழை கொண்டுவந்த மாற்றம் அந்த வித்தியாசத்துக்குள் காணாமல் போய்விடும். ஒவ்வொரு கிணற்றையும் அதே கிணற்றோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அவரிடம் பேசிவிட்டு இப்படி மாற்றி எழுதினேன்:

“அட்டவணை 3: இரு பருவத்திலும் அளந்தவை அதே 24 கிணறுகள். எனவே இணை டி-டெஸ்ட் செய்ய வேண்டும். வித்தியாசங்கள் இயல்நிலைப் பரவலில் இல்லையென்றால் வில்காக்சன் சோதனை. சராசரி வித்தியாசத்தையும் அதன் 95% நம்பிக்கை இடைவெளியையும் தரவும். முடிவு மாறினால் சுருக்கத்தின் கடைசி வரியையும் மாற்றவும். இது கட்டாயம்.”

‘கற்பனை’ என்ற சொல்லுக்குப் பின்னாலும் நியாயமான சந்தேகம் இருந்தது. கட்டுரையில் அளந்தது மின்கடத்துத்திறன் மட்டும். சென்னையில் கழிவுநீர் கசிந்தாலும் அது ஏறும். கடல்நீரில் குளோரைடு, புரோமைடைப் போல எடையில் ஏறத்தாழ 290 மடங்கு. கழிவுநீர் கலந்தால் அந்த விகிதம் பெரும்பாலும் இன்னும் மேலே போகும். ஆகவே, “மாதிரிகள் மிச்சம் இருந்தால் குளோரைடையும் புரோமைடையும் அளக்கவும், இல்லையென்றால் ‘கடல்நீர்’ என்ற முடிவை விட்டுவிட்டு ‘உப்புத்தன்மை’ என்ற அளவில் நிறுத்தவும்” என்று எழுதினோம். பணமோ கருவியோ இல்லாத மாணவருக்கும் செய்வதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் இல்லையா?

இங்கிலீஷ் விஷயம் சப்பை. ஆறாம் பக்கத்தில் ஒரு ‘அது’ கிணற்றையா கால்வாயையா குறிக்கிறது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வரி எண்ணோடு அதைக் குறித்துவிட்டு, ‘சகிக்கவில்லை’ என்பதை எடுத்துவிட்டோம்.

கட்டுரை திருத்தி வந்தது. 24 கிணறுகளில் 19-இல் உப்பு குறைந்திருந்தது. முடிவே தலைகீழ். ரிவ்யூவின் முதல் வடிவத்தை அப்படியே அனுப்பியிருந்தால் அந்தக் கட்டுரையை எழுதிய மாணவர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, பழைய தவறோடு கட்டுரையை வேறு இதழுக்கு அனுப்பியிருப்பார்.

ரிவ்யூவுக்குச் சர்க்கரை தடவச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தப்பையும் ஒருமுறை செய்திருக்கிறேன். “கட்டுப்பாட்டுக் குழு இல்லாமல் இந்த முடிவு நிற்காது” என்று ஒருவர் எழுதியதை, “இருந்தால் இன்னும் சிறப்பாக இருக்கும்” என்று மாற்றினேன். ஆசிரியர்கள் “நன்றி, அடுத்த ஆய்வில் பார்க்கிறோம்” என்று பதில் போட்டார்கள். இரண்டாம் சுற்றில் கட்டுரை தள்ளுபடி. நான்கு மாதம் வீண். அதிலிருந்து ‘கட்டாயம்’, ‘விருப்பம்’ என்ற இரண்டு சொல்லில் கை வைப்பதே இல்லை. ஆசிரியரைப் பற்றிய வாக்கியத்தை அட்டவணையைப் பற்றியதாக மாற்றுகிறேன், அவ்வளவே.

‘நிராகரிக்கவும்’ என்ற பரிந்துரை, வேறிடத்திலிருந்து எடுத்த பகுதியோ என்ற சந்தேகம், இவற்றை எடிட்டருக்கு மட்டும் தெரியும் பெட்டியில் எழுதுங்கள். அப்புறம், உங்கள் ரிவ்யூவை உங்களுக்குத் தெரியாமல் மாற்ற எனக்கு உரிமை இல்லை. மதிப்பாய்வாளர்களுக்காக கோப் என்ற பதிப்பு நெறிக் குழு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி, பகைமையும் தனிநபர் தாக்குதலும் கூடாது என்கிறது. அதைக் காட்டித்தான் கேட்க முடியும். எனவே இனி அப்படி ஒரு வரி வந்தால், பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பி அனுப்புவேன்: “எந்த அட்டவணை, எந்த வரி, என்ன செய்தால் சரியாகும்?” மூன்று நாளுக்குள் பதில் போட்டால் போதும். எழுத நேரமில்லை என்றால் போனிலேயே சொல்லுங்கள், நான் எழுதி உங்கள் ஒப்புதலுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
துணை எடிட்டர், அடையாறு