அடுப்புப் பக்கமே கேமரா இருக்கட்டும்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய ஸ்கிரிப்டைப் படித்தேன். அக்காவும் தம்பியும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வீட்டை விற்பது பற்றிப் பேசும் அந்தக் காட்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எடிட் மேசையில் காலம் தள்ளியவன் சொல்வது இது.

இருவர் முகத்தையும் இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள். அதைத்தான் இமேஜினரி லைன் என்கிறோம். மேசைக்கு ஒரு பக்கம் ஜன்னல், எதிர்ப்பக்கம் அடுப்பு. கோட்டைத் தாண்டாமல் நீ அடுப்புப் பக்கமே நில். ஜன்னல் வெளிச்சம் முகத்தின் அந்தப்புறக் கன்னத்தில் விழும், கேமராவுக்குத் தெரிகிற பக்கம் கொஞ்சம் நிழலாக இருக்கும். முகத்துக்கு அதுதான் அழகு.

முதலில் மாஸ்டர், இருவரும் மேசையும் சேர்ந்து தெரிகிற ஷாட். அதில் அக்கா இடது, தம்பி வலது என்றால், இனி எந்த ஷாட்டிலும் அக்கா வலப்பக்கம் பார்க்க வேண்டும், தம்பி இடப்பக்கம். அக்காவுக்கு சஜஷன், அதாவது எதிரே இருப்பவரின் தோளுக்கு மேலாக எடுக்கும் ஷாட், வைக்கும்போது கேமரா தம்பியின் இடது தோளுக்குப் பின்னால். தம்பிக்கு அக்காவின் வலது தோள். இரண்டிலும் இடது தோளையே பிடித்தால், ஒன்றில் கோட்டைத் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம்.

தப்பு அதிகம் நடப்பது க்ளோஸ்-அப்பில்தான். எதிரே இருப்பவர் ஃப்ரேமில் இல்லையே என்று, தம்பியாக நடிப்பவரை எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிறுத்திவிடுவார்கள். அவர் லென்ஸுக்கு இடப்பக்கம் நின்றால் அக்கா பார்க்கும் திசை மாறிவிடும். வெட்டி ஒட்டும்போது இருவரும் ஒரே திசையில் யாரோ மூன்றாவது ஆளைப் பார்ப்பது போல இருக்கும். அக்காவின் க்ளோஸ்-அப்புக்கு அவர் லென்ஸை ஒட்டி வலப்பக்கம், உட்கார்ந்த உயரத்திலேயே இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மானிட்டரில் இருவரின் க்ளோஸ்-அப்பையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார். ஃப்ரேமை இடவலமாகத் திருப்பிப் போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். தலை வகிடும் சட்டைப் பையும் காலண்டர் எழுத்தும் காட்டிக்கொடுத்துவிடும்.

இருவருக்கும் ஒரே லென்ஸ், ஒரே தூரம், ஒரே உயரம். அக்காவுக்கு 50 போட்டுவிட்டுத் தம்பிக்கு 85 போட்டால் பின்னணி வேறு வீடு மாதிரி தெரியும். ஒருவர் கை ஓங்குகிற இடத்தில் வேண்டுமென்றே மாற்றினால் அது வேறு கதை.

அக்கா பக்கத்தின் சஜஷன், க்ளோஸ்-அப், பேசாமல் கேட்கும் ரியாக்‌ஷன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அப்புறம் லைட்டைத் திருப்பு. ரியாக்‌ஷனை நீளமாக எடு. வசனத்தைச் சுருக்க எனக்குக் கைகொடுப்பது அதுதான்.

கடைசியில் அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போகிறாள் இல்லையா, அங்கே கோடும் அவளோடு திரும்பிவிடும். அவள் நடப்பதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டு. பார்க்கிறவர் புது இடத்தைப் புரிந்துகொள்வார், நீயும் அங்கிருந்து புதுப் பக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

மேசை, ஜன்னல், கேமரா இடங்களைப் படமாகப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பு. சனிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா