ஒன்பது வசனமும் ஒரு மைக்ரோவேவும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், ஆவணப்படம் போலவே தோன்றும்படி நீ எழுதிய அலுவலக நகைச்சுவை ஸ்கிரிப்டும் வியாழக்கிழமை கிடைத்தன. வீட்டில் எல்லோரும் நலம், மகளுக்குத் தேர்வு முடிந்துவிட்டது. அப்புறம், சனிக்கிழமை நான்கு பேரை உட்கார வைத்து உன் ஸ்கிரிப்டை வாய்விட்டு வாசித்துப் பார்த்தோம்.

மேலாளரின் பேட்டி எனக்கு மிகவும் பிடித்தது. "என்னைப் பார்த்து இங்கே யாரும் பயப்படுவதில்லை" என்று அவர் நிஜமாகவே நம்பிச் சொல்கிறார். அதற்கு அடுத்து வரும் காட்சிதான் சறுக்குகிறது. மைக்ரோவேவ் பக்கத்தில் ஐந்து பேர் சிரிக்கிறார்கள், அவர் நுழைந்ததும் ஒருத்தி "ஐயோ, சார் வந்துட்டார்" என்கிறாள், தொடர்ந்து ஒன்பது வசனம் வருகிறது. வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதும் நடப்பதும் முட்டிக்கொள்வதைப் பார்ப்பவர் தானே பிடிக்க வேண்டும். அதை அந்த "ஐயோ" முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறது.

நான் இப்படி மாற்றிப் பார்த்தேன்:

மேலாளர் நுழைகிறார். சிரிப்பு நிற்கிறது. மைக்ரோவேவில் இன்னும் 12 வினாடி. எல்லோரும் அந்த எண்ணையே பார்க்கிறார்கள்.
மேலாளர்: சூடாகுது.
ஒருவர் தலையாட்டுகிறார். பீப். யாரும் கதவைத் திறக்கவில்லை.
மீண்டும் பேட்டி. மேலாளர்: நல்லா கலகலன்னு இருக்கும் இங்கே.

முதலில் 40 வினாடி என்று எழுதினேன், இழுத்தது. நடுவில் வெட்டிச் சுருக்கினால் பார்ப்பவருக்கு மூச்சு விட இடம் கிடைத்துவிடும், சங்கடம் போய்விடும். அதனால் ஒரே ஷாட்டில் தாங்கும் அளவுக்குக் குறைத்தேன். இந்த முறை நால்வரும் சிரித்தார்கள், அதுவும் பீப் சத்தத்துக்குப் பிறகு. ஆனால் மேலாளராக வாசித்தவர் ஒரு தடவை தானும் புன்னகைத்துவிட்டார், அத்தோடு காட்சி செத்தது. மேலாளருக்கு இது நகைச்சுவை என்றே தெரியக்கூடாது.

இன்னொன்று, கேமரா. உன் ஸ்கிரிப்டில் மேலாளர் முகம் வாடுவதற்கு முன்பே அது அவர் முகத்தில் காத்திருக்கிறது. ஆவணப்படம் எடுப்பவருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று எப்படித் தெரியும்? சிரித்தவர்கள் மேல் இருக்கும் கேமரா சற்றுத் தாமதமாக அவரிடம் திரும்பட்டும், ஃபோகஸ் தேடட்டும். அந்தத் தடுமாற்றத்தால்தான் இது உண்மையில் எடுத்ததுபோல நம்ப முடிகிறது.

ஐந்து பக்கத்தில் பதினோரு முறை யாராவது லென்ஸைப் பார்க்கிறார்கள். ஒன்றே ஒன்றை வைத்துக்கொள், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு. பேட்டியில் மற்றவர்கள் லென்ஸுக்குப் பக்கத்தில், கேள்வி கேட்பவரைத்தான் பார்ப்பார்கள். கேள்வி படத்தில் கேட்காது என்பதால், பதிலை மட்டும் கேட்டாலே புரிகிறமாதிரி எழுது.

நான்காம் பக்கத்துப் பிறந்தநாள் காட்சியில் கேக் வெட்டக் கத்தி இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் வசனமே இல்லாமல் எழுதி அனுப்பேன். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்