இயற்கை ரப்பர் என்று விற்கப்பட்ட யோகா மேட் குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மா,

உங்கள் தளத்தில் ‘100% இயற்கை ரப்பர், 6 மி.மீ.’ என்று போட்டிருந்த யோகா மேட்டை 2,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வந்திருப்பது ரப்பர் இல்லை, ஃபோம். உங்கள் சேவைப் பிரிவுக்கு ஏற்கெனவே எழுதியதற்கு, ‘வெயிலில் காயவைத்திருப்பீர்கள், அதனால் கெட்டிருக்கும், வழுக்கினால் உப்பு நீரில் கழுவுங்கள், வேண்டுமானால் 10 மி.மீ. மேட் தள்ளுபடியில் தருகிறோம்’ என்று பதில் வந்தது. மூன்றுமே பொருந்தாத பதில்கள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் எடை. இந்த மேட் 183 செ.மீ. நீளம், 61 செ.மீ. அகலம். மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 720 கிராம்தான் காட்டுகிறது. என்னிடம் யோகா கற்க வரும் ஒருவரின் ரப்பர் மேட், இதைவிடக் கொஞ்சம் நீளம் குறைவு, தடிமனும் 5 மி.மீ.தான். அதுவே இரண்டே கால் கிலோ இருக்கிறது. ரப்பர் மேட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு அந்தக் கனம் நன்றாகத் தெரியும். ஒரு விரலில் தொங்கவிடக்கூடிய 6 மி.மீ. ரப்பர் மேட் எங்கே செய்கிறார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்து, வெயில். இயற்கை ரப்பருக்கு வெயில் ஆகாது என்பது சரிதான். ஆனால் வெயில் பட்ட ரப்பர் எப்படிக் கெடும்? மேல்புறம் இறுகும், மடித்தால் மயிரிழைபோல வெடிப்பு விடும், தேய்த்தால் தூளாக உதிரும். என் மேட்டில் ஒரு வெடிப்புகூட இல்லை. அதோமுக ஸ்வானாசனத்தில் குதிகாலும் உள்ளங்கையும் பதிகிற நான்கு இடங்களும் குழிந்து, மறுநாள் காலையிலும் எழும்பாமல் அப்படியே கிடக்கின்றன. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாலும் பள்ளம் நிற்கிறது. ரப்பர் என்றால் விரலை எடுத்ததுமே மேலே வந்துவிடும். இவிஏ போன்ற ஃபோம்தான் உள்ளே இருக்கும் காற்றறைகள் நசுங்கி இப்படி அமுங்கிப்போகும். கால் விரல் உரசும் இடத்தில் மேல்தோல் செதில் செதிலாகக் கிழிந்தும் வருகிறது. படங்கள் இணைப்பில் உள்ளன.

உப்பு நீர் யோசனை பிவிசி மேட்டுக்கு உரியது. புதுப் பிவிசி மேட்டில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய வழவழப்பு இருக்கும். கழுவக் கழுவ, பயன்படுத்தப் பயன்படுத்த அது போய்ப் பிடிமானம் கூடும். என்னுடைய பழைய பிவிசி மேட் அப்படித்தான் சரியானது. பல வருடம் ஆகியும் ஓரம்கூடக் கிழியவில்லை. பிளாஸ்டிக் என்று அதை ஒதுக்கிவிட்டு உங்களிடம் வந்தேன், அது வேறு கதை. ஃபோமில் கழுவிப் போக்க அப்படி எதுவும் இல்லை. அதன் மேல்தோல் வியர்வையை உறிஞ்சாது. சூரிய நமஸ்காரம் நாலைந்து சுற்று ஓடினால் உள்ளங்கைக்குக் கீழே ஈரம் நின்று, கை முன்னால் நழுவுகிறது. அது மட்டுமில்லை, எடை குறைவு என்பதால் தரையிலிருந்து மேட்டும் சேர்ந்தே நகர்கிறது.

தடிமன் கூடினால் இதெல்லாம் தீரும் என்று எப்படி நினைத்தீர்கள்? 10 மி.மீ. ஃபோம், படுத்துச் செய்யும் பயிற்சிக்கும் முட்டி வலி உள்ளவர்களுக்கும் சுகமாக இருக்கும். அதை அப்படிச் சொல்லி 600, 700 ரூபாய்க்கு விற்றால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. விருக்ஷாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்பவருக்கோ பாதம் அதில் புதைந்து கணுக்கால் ஆடும். நின்று செய்கிறவர்களுக்கு நன்றாக அடர்ந்த 4 அல்லது 5 மி.மீ. ரப்பரே போதும், தரை காலுக்குத் தெரியும்.

‘பத்து நாளுக்குள் திருப்பியிருக்க வேண்டும்’ என்ற உங்கள் விதியும் இங்கே செல்லாது. மனம் மாறித் திருப்புகிறவர்களுக்கு அது சரி. ஒரு பொருளின் பெயரைச் சொல்லி வேறொன்றை அனுப்பியது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிகமுறை.

ஆகவே மேட்டை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 2,450 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். கூப்பனோ மாற்று மேட்டோ வேண்டாம். தளத்தில் இன்னும் ‘இயற்கை ரப்பர்’ என்றே இருக்கும் அந்த விவரத்தையும் திருத்துங்கள், கூடவே எடையையும் போடுங்கள். ரப்பர்தான் என்று இன்னமும் சொல்வீர்களானால் தயாரிப்பாளரின் பொருள் சான்றை அனுப்புங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில், தராசுப் படம், நமக்குள் நடந்த கடிதங்கள் எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்